உபரி நாளுக்குப் பொறுப்பு

அலுவலகத்தில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் நான் லிஸ்ட்டக்கா. தேநீர்த் தூள் வாங்குவதிலிருந்து தீயணைப்புக் கருவிக்குக் காலாவதித் தேதி பார்ப்பது வரை எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பட்டியல் இருக்கும். "நீ செத்தா யார் யாருக்கு எந்த வரிசையில போன் பண்ணணும்னு இப்பவே எழுதி வெச்சிருப்ப" என்பார் என் வீட்டுக்காரர். அப்படி ஒன்றும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அவர் சொன்ன அன்று, எழுதி வைத்தால் என்ன என்று ஒரு நிமிடம் யோசித்தது உண்மை.

வீடுகளில் படுக்கையாய்க் கிடப்பவர்களுக்குச் செவிலியர்களை அனுப்பி வைப்பது எங்கள் நிறுவனத்தின் வேலை. எந்த வீட்டுக்கு யார், எத்தனை மணிக்கு, மாற்று ஆள் யார் என்று நாள் முழுக்க முப்பத்தாறு தொலைபேசிகள் அலறிக்கொண்டே இருக்கும். பழைய கட்டடத்தில் கூரை ஒழுகி, ஒரு மழைநாளில் அட்டவணைப் பிரிவின் மேசைமேலேயே தண்ணீர் சொட்டியபோது, இடம் மாறுவது என்று முடிவானது. பொறுப்பு என்னிடம் வந்தது. வராமல் வேறு யாரிடம் போகும் என்று எனக்கும் கொஞ்சம் திமிர்தான்.

எட்டு வாரத்துக்கு முன்பே வேலையைத் தொடங்கினேன். நூற்றுப் பதினெட்டு வரிகள் கொண்ட பட்டியல். ஒவ்வொரு வரிக்கும் என்ன வேலை, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள், யாரிடம் கேட்டாயிற்று, யார் உறுதி செய்தார்கள் என்று கட்டங்கள். இணைய இணைப்பை மாற்றிக் கொடுக்க ஆறு வாரம் ஆகும் என்பதால் அதுதான் முதல் வரி. பிறகு சாமான் ஏற்றி இறக்கும் பேக்கர்ஸ், மின்சாரக்காரர், ஏசிக்காரர், புதுக் கட்டடத்துச் சரக்கு லிஃப்ட், வாடிக்கையாளர்களுக்கு முகவரி மாற்றக் கடிதம். வெள்ளிக்கிழமை மாலை போன்களை எல்லாம் இரண்டு கைபேசிகளுக்குத் திருப்பிவிட வேண்டும். சனிக்கிழமை முழுக்க இடமாற்றம். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் புது அலுவலகத்தில் முதல் போன் அடிக்க வேண்டும்.

நடுவில் ஞாயிறு. அந்தக் கட்டத்தில் 'உபரி நாள்' என்று எழுதினேன். ஏதாவது கோளாறானால் சமாளிக்க ஒரு நாள். எந்த இடமாற்றத்திலும் ஏதாவது ஒன்று கோளாறாகும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த நாளை வைத்தேன். ஆனால் நூற்றுப் பதினெட்டு வரிகளில் அந்த ஒரு வரியில் மட்டும் 'பொறுப்பு' என்ற கட்டம் காலியாக இருந்தது.

காலியாக விட்டதற்குக் காரணம் வயரண்ணன்.

கணினி, சர்வர், போன் லைன் எல்லாவற்றுக்கும் எங்களிடம் அவர் ஒருவர்தான். சட்டைப் பையில் எப்போதும் ஒரு வயர் வெட்டும் கத்தரி. பதினாறு வருடமாக எந்த லீவு நாளில் சர்வர் படுத்துக்கொண்டாலும் அவர்தான் வந்து எழுப்புவார். எங்கள் அட்டவணையும் போன் இணைப்பும் அந்த சர்வரில்தான் ஓடுகின்றன. இடமாற்றத் தேதி முடிவான அன்று என் மேசைக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து பேசி நான் பார்த்ததில்லை.

"தங்கச்சி, ஞாயித்துக்கிழமை எனக்கு வேணும்மா."

"எதுக்குண்ணே?"

"பொண்ணு படிக்கப் போறா. வெளிநாடு. ரெண்டு வருஷம் வர மாட்டா. ஞாயிறு ஒண்ணேகால் ஃப்ளைட். ஏர்போர்ட் நாலு மணி நேரம் தள்ளி. காலையில அஞ்சு மணிக்கே கிளம்பணும்."

"அதுக்கென்னண்ணே, போயிட்டு வாங்க."

"அவ ஸ்கூல்ல பரிசு வாங்கினப்ப நான் போகல. காலேஜ் முடிச்சு பட்டம் வாங்கினப்பவும் போகல. எல்லாத்துக்கும் இந்த சர்வர்தான். 'இதுக்காவது வருவியாப்பா'ன்னு கேட்டா. கண்ணாடிக் கதவு வரைக்கும் வந்து நிப்பேன்னு சொல்லியிருக்கேன்."

எனக்கு மனது இளகிவிட்டது. வள்ளல் போலக் கையை ஆட்டினேன். "ஞாயிறு சும்மா உபரி நாள்ணே. தேவையே படாது. உங்களுக்குன்னே எழுதிக் குடுத்தாச்சு, போங்க."

ஆபத்துக்கு உதவ வைத்த நாளை, அந்த ஆபத்தில் கைகொடுக்கக்கூடிய ஒரே ஆளுக்கு லீவாகத் தூக்கிக் கொடுத்தேன். கொடுத்தது தவறில்லை. கொடுத்த பிறகு அது உபரி நாள் இல்லை, வெறும் ஞாயிற்றுக்கிழமை என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. மேலாளரிடம் "ஒரு நாள் கையிருப்பு இருக்கு சார்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இடமாற்றத்துக்குப் பதினொரு நாள் இருந்தபோது மேலாளர் என்னைக் கூப்பிட்டார்.

"முதலாளி பார்க்கணுமாம். ஒரே பக்கத்துல, ஒரே பார்வையில தெரியிற மாதிரி குடுங்க. இத்தனை கட்டம் போட்டா அவருக்குத் தலை சுத்தும்."

நான் கட்டங்களைக் குறைத்தேன். 'கேட்டாயிற்று', 'உறுதியாயிற்று' என்ற இரண்டையும் சேர்த்து ஒரே கட்டமாக்கினேன். முடிந்தது பச்சை, முடியாதது மஞ்சள். அன்று பதினொரு வரிகளுக்குக் கேட்டிருந்தேனே தவிர உறுதி வரவில்லை. மஞ்சள் போட்டிருக்க வேண்டும். பதினொரு மஞ்சளோடு அந்தத் தாளைப் பார்த்தேன், அம்மை வார்த்த மாதிரி இருந்தது. எப்படியும் வந்துவிடும் என்று எல்லாவற்றையும் பச்சையாக்கிவிட்டேன். முதலாளி பார்த்துவிட்டு "பிரமாதம்" என்றார். மேலாளர் அந்தத் தாளை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். நான் இரண்டு தடவை தண்ணீர் குடிக்கப் போகும் சாக்கில் அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

பத்துப் பேர் போன் செய்து உறுதி சொன்னார்கள். பதினொன்றாவது ஆள் போன் செய்யவில்லை. அவர் மெயில் போட்டார். வரிதான் ஏற்கெனவே பச்சையாக இருக்கிறதே, யார் தேடப் போகிறார்கள்? தினம் முந்நூறு மெயில் வரும் பெட்டியில் அது அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை எல்லாம் சொன்னபடி நடந்தது. சர்வர்களை அடுக்கியிருந்த இரும்பு ரேக்கின் முன்னும் பின்னும் வயரண்ணன் போட்டோ எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு வயருக்கும் இரண்டு முனையிலும் எண் ஒட்டினார். தகவல்களை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை லாரியில் ஏற்றாமல் தன் பையிலேயே வைத்துக்கொண்டார். அட்டைப்பெட்டிகள் மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் எந்த அறை, எந்த மூலை என்று என் கையெழுத்தில் சீட்டு. முதலில் இறங்க வேண்டும் என்பதற்காகச் சர்வர் ரேக்கையும் யுபிஎஸ் பேட்டரிகளையும் கடைசியாக லாரியில் ஏற்றச் சொன்னேன். "மேடம், உங்க கூட வேலை செஞ்சா எங்களுக்கு மூளையே வேண்டாம்" என்றார் பேக்கர்ஸ் மேஸ்திரி. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இரண்டு லாரிகள் புதுக் கட்டடத்தின் தரைத்தளத்தில் வந்து நின்றன. எங்களுக்கு ஐந்தாம் மாடி. சரக்கு லிஃப்ட்டின் கதவு திறந்திருந்தது. உள்ளே ஆளுயரத்துக்கு ஜிப்சம் பலகைகள்.

கட்டட சூப்பர்வைசர் ஓடி வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பேனாவைக் காதில் செருகியிருந்தார். கையில் ஒரு நீளமான பதிவேடு.

"மேடம், நீங்க இன்னிக்கா வந்தீங்க? இன்னிக்கு ஏழாம் மாடிக்காரங்க எடுத்திருக்காங்களே! எட்டுலேர்ந்து நாலு வரைக்கும். உள்வேலை நடக்குது. மூணு வாரத்துக்கு முன்னாடியே எழுதிட்டாங்க."

கைபேசியை எடுத்து மெயிலில் தேடினேன். இருந்தது. ஒன்பது நாளைக்கு முன் வந்தது. 'மேடம், சனிக்கிழமை எட்டு முதல் நான்கு வரை வேறொருவர் பதிவு செய்திருக்கிறார்கள். நான்குக்குப் பிறகு அல்லது ஞாயிறு எட்டு முதல் இரண்டு வரை காலியாக இருக்கிறது. உங்களுக்கு எது வசதி என்று சொன்னால் எழுதிவிடுகிறேன்.' மரியாதையான, பிழையில்லாத நான்கு வரி. திறக்கப்படாமல் கிடந்தது.

நான் அதைப் படித்துக்கொண்டிருந்தபோதே மேலாளர் காரிலிருந்து இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன ஆச்சு? லிஃப்ட் வரி பச்சையாத்தானே இருந்துச்சு?"

பச்சை என்ற சொல்தான் என்னைக் கவிழ்த்தது. கைபேசியைப் பைக்குள் போட்டேன். ஜிப்பை இழுத்து மூடினேன். "உறுதி பண்ணியிருந்தாங்க சார். போன்ல சொன்னாங்க" என்றேன். சூப்பர்வைசர் பக்கம் திரும்பி, அவர் கண்ணையே பார்த்துக் கேட்டேன். "நீங்கதானே போன்ல சனிக்கிழமை சரின்னு சொன்னீங்க?"

அந்த மனிதர் இல்லவே இல்லை என்று சொல்லியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவர் சொல்லவில்லை. தலையைச் சொறிந்தார். "நானா மேடம்? நாப்பது ஆபீஸுங்க, ஆளாளுக்குப் போன் பண்றாங்க... நான் அப்படியா சொன்னேன்? மெயில் போட்ட மாதிரிதான் ஞாபகம்..." என்று தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்தார். மேலாளர் அவரைப் பிடிபிடியென்று பிடித்தார். ஏற்றி இறக்க வந்த பதினான்கு பேரும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

வயரண்ணன் ரேக்கை லாரியிலிருந்து இறக்கித் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார். ஆட்கள் ஏறும் சின்ன லிஃப்ட்டில் சாமான் ஏற்றக் கூடாது என்பது கட்டடத்து விதி. சர்வர்களைத் தனித்தனியாகக் கழற்றிக் கையில் தூக்கிப் போனாலும், ரேக்கும் பேட்டரிகளும் மேலே வராமல் அவற்றை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அவர் யாரையும் திட்டவில்லை. விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "எட்டு மணி நேர வேலை தங்கச்சி. பில்டிங்கை ஒன்பதுக்குப் பூட்டிடுவாங்க. எப்படியாவது ரேக் மட்டும் மத்தியானத்துக்குள்ள மேல போயிட்டாப் போதும்."

பத்தரை மணிக்கு சூப்பர்வைசர் திரும்பவும் என்னிடம் வந்தார். திட்டு வாங்கிய முகம் அப்படியே இருந்தது. ஆனாலும் உதவத்தான் வந்திருந்தார்.

"மேடம், ஒரு வழி இருக்கு. பன்னெண்டுலேர்ந்து ஒண்ணு வரைக்கும் ஏழாம் மாடி ஆளுங்க சாப்பிடப் போவாங்க. லிஃப்ட் சும்மாதான் நிக்கும். அந்த இன்ஜினியரம்மா நல்ல மனுஷி. நான் கேட்டா குடுக்க மாட்டாங்க, ரூல். நீங்க நேர்ல போய், எங்க பக்கம் தவறிடுச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டீங்கன்னா குடுத்துடுவாங்க. பதிவேட்டுல ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. அந்தப் பெரிய பெட்டியையும் பேட்டரியையும் ஏத்திடலாம்."

எங்கள் பக்கம் தவறிடுச்சு. மூன்றே சொல். மேலாளர் ஐந்தடி தூரத்தில் போனில் பேசிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழும்.

"எங்க பக்கம் என்ன தவறுச்சு?" என்றேன், அவருக்குக் கேட்கும்படியாகவே. "எங்க பேர்ல இருக்கிற புக்கிங்கை நான் எதுக்குப் போய்க் கெஞ்சணும்? உங்க தப்பை நீங்க சரி பண்ணுங்க."

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, "சரிங்க மேடம்" என்று போய்விட்டார். பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை சரக்கு லிஃப்ட் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா நின்றது. அதற்கு எதிரே இருந்த திண்டில் உட்கார்ந்து நான் பிஸ்கட் சாப்பிட்டேன். தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். இறங்கியது. நான்கு பிஸ்கட்.

ஏழாம் மாடி வேலையும் இழுத்தது. ஐந்து மணிக்குத்தான் லிஃப்ட் கிடைத்தது. ரேக் மேலே போய் நின்றபோது ஐந்தரை. கடைசிப் பெட்டி ஏறியபோது எட்டே முக்கால். ஒன்பதுக்குக் காவலாளி விளக்குகளை அணைக்க ஆரம்பித்தார். ரேக்கில் முக்கால்வாசி வயர்கள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. ஞாயிறு கட்டடம் திறப்பது எட்டுக்கு, மூடுவது இரண்டுக்கு. சனிக்கிழமைக்கென்று அழைத்திருந்த வெளி டெக்னீஷியனுக்கு மறுநாள் வேறு இடத்தில் வேலை.

வயரண்ணன் ரேக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவரே சொன்னார். "நாளைக்கு வந்துடறேன். படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்குத் திங்கட்கிழமை ஊசி போட ஆள் போகலன்னா பாவம்."

"அண்ணே, பொண்ணு..."

"வீட்டு வாசல்ல வழியனுப்பிட்டு வர்றேன். மச்சான் கூட்டிட்டுப் போவான்." பிறகு, என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, என் தோளைத் தட்டினார். "நீ ஏம்மா இப்படி நிக்கிற? கட்டடத்துக்காரன் சொதப்பினதுக்கு நீ என்ன பண்ணுவ?"

அந்த நேரத்தில் பூமி பிளந்திருந்தால் நானே இறங்கி உள்ளே போயிருப்பேன். ஆனால் நடந்ததைச் சொல்லவில்லை. "சாரிண்ணே" என்றேன். அது பொதுவான சாரி, பேருந்தில் காலை மிதித்தால் சொல்வது.

வீட்டில் சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் கேட்டார். "எப்படி, எல்லாம் பச்சைதானே?" நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

ஞாயிறு எட்டு மணிக்கு நான் போனபோது வயரண்ணன் கட்டடத்து வாசலில் காத்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன. மேலே போனதும் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வேலையில் இறங்கினார். நான் பெட்டிகளைப் பிரித்து, மேசைகளில் போன்களை வைத்துக்கொண்டு போனேன். அறைக்கு அறை நடக்கும்போதெல்லாம் ரேக்கின் பின்னால் குனிந்திருந்த அவர் முதுகைப் பார்த்தேன்.

பன்னிரண்டேகாலுக்கு இணைப்பு வந்தது. போன்களின் வயர்கள் இன்னும் ஏறவில்லை, இணையம் மட்டும். சரியாக ஓடுகிறதா பார்க்க வேண்டும் என்று ஒரு மடிக்கணினியைச் சொருகி, மகளுக்கு வீடியோ கால் போட்டார். புது அலுவலகத்தின் லைனில் போன முதல் அழைப்பு அதுதான்.

அந்தப் பெண் எங்கோ வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். பின்னால் கண்ணாடியும் விமானத்தின் வால் பகுதியும் தெரிந்தன.

"அப்பா, உள்ள வந்துட்டேன். அம்மா வெளியில அழுதுட்டே இருந்தா. நீ இருந்திருந்தா அவ அழுதிருக்க மாட்டா."

"நான் இருந்திருந்தா நானும் சேர்ந்து அழுதிருப்பேன்டா. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். பக்கத்துல யாரு? லிஸ்ட்டக்காவா?" கேமராவை நெருங்கிப் பார்த்தாள். "அக்கா, நீங்க அப்பாவுக்கு ஞாயித்துக்கிழமை லீவு குடுத்தீங்கன்னு சொன்னப்ப எங்க வீட்டுல எல்லாரும் நம்பவே இல்ல. பதினாறு வருஷத்துல முதல் தடவை. தேங்க்ஸ்க்கா. கட்டடத்து ஆளால கெட்டுப்போச்சு, நீங்க என்ன பண்ணுவீங்க."

நான் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். "நல்லாப் படிம்மா" என்றேன். தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

படிக்கட்டு ஓரத்தில் கட்டட சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஞாயிறு வேலை நாள் இல்லை. வீட்டுச் சட்டையில் இருந்தார். பேனா மட்டும் காதில் இருந்தது.

"மேடம், உங்க சார் பில்டிங் ஓனர் ஆபீஸுக்குப் புகார் எழுதிட்டாரு. நாளைக்கு விளக்கம் குடுக்கணும். ராத்திரியெல்லாம் யோசிச்சேன். நான் உங்ககிட்ட போன்ல பேசின ஞாபகமே வரல." கைபேசியை என் முன் நீட்டினார். எழுத்துகளைப் பெரிதாக்கி வைத்திருந்தார். "இதப் பாருங்க, மெயில் போட்டிருக்கேன். உங்களுக்கு வந்திருக்காது போல. அட்ரஸ் ஏதாவது தப்பா அடிச்சுட்டேனான்னு கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா? எனக்குக் கண்ணு அவ்வளவு தெரியாது."

என் முகவரி. ஒவ்வொரு எழுத்தும் சரியாக இருந்தது. இரண்டு தடவை சரிபார்த்த மாதிரி.

அந்தப் படிக்கட்டில் நின்று நான் நினைத்தது, இதை இன்னும் சமாளிக்கலாம் என்றுதான். 'ஸ்பாமுக்குப் போயிருக்கும்' என்று ஒரு வரி சொன்னால் போதும். அவரும் தப்பிப்பார், நானும் தப்பிப்பேன். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, என் பதிலுக்காக, பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் வாங்க நிற்பவர் போல நின்றார்.

"அட்ரஸ் சரிதான். எனக்கு வந்துச்சு. நான்தான் திறக்கல" என்றேன். "நேத்து ஒன்பது மணிக்குக் கீழ நிக்கும்போதே பார்த்துட்டேன். நீங்க போன்ல ஒண்ணும் சொல்லல. நான் பொய் சொன்னேன்."

அவர் திட்டவில்லை. கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு, "அப்ப என் ஞாபகம் நல்லாத்தான் இருக்கா?" என்றார். அதைக் கேட்டபோது அவர் குரலில் கோபத்தைவிட நிம்மதி அதிகமாக இருந்தது. ராத்திரியெல்லாம் அந்த மனிதர் பயந்தது வேலைக்காக மட்டும் இல்லை.

அங்கேயே நின்று மேலாளருக்கு மெயில் எழுதினேன். ஓனர் ஆபீஸுக்கும் சூப்பர்வைசருக்கும் பிரதி. லிஃப்ட் உறுதி ஆகவே இல்லை, நான் பச்சை போட்டேன், பதில் வந்தது, திறக்கவில்லை, தெரிந்த பிறகும் பொய் சொன்னேன். என் பட்டியல்களில் இவ்வளவு சின்ன பட்டியல் இதுவரை இல்லை. அவர் முன்னாலேயே அனுப்பினேன்.

சமாதானம் ஆகிவிட்டது என்று நினைத்து நான் உள்ளே திரும்பியபோது, அவரும் பின்னாலேயே வந்தார். வயரண்ணனைப் பார்த்ததும் அவருக்கும் ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. நல்ல மனதோடுதான் சொன்னார்.

"நேத்து மத்தியானம் அந்த ஒரு மணி நேரத்தை வாங்கியிருந்தீங்கன்னா இன்னிக்கு நீங்க வந்திருக்கவே வேண்டாமே சார். மேடம்கிட்ட அப்பவே சொன்னேன்."

வயரண்ணன் ரேக்கின் பின்னாலிருந்து தலையை நீட்டினார். "எந்த ஒரு மணி நேரம்?"

சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். தவறான இடத்தில் காலை வைத்துவிட்டோம் என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். பேனாவைக் காதிலிருந்து எடுத்தார், திரும்பவும் வைத்தார், கீழே வேலை இருப்பதாகச் சொல்லிப் போய்விட்டார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பச்சை, மெயில், பொய். கடைசியில் லிஃப்ட்டின் அந்த ஒரு மணி நேரம். அதைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. மற்றதெல்லாம் கவனக்குறைவு என்றாவது பெயர் வைத்துக்கொள்ளலாம். இதற்கு அப்படிப் பெயரில்லை. அவருடைய மகளையும் என் மானத்தையும் தராசில் வைத்து, என் மானம்தான் கனம் என்று நான் முடிவு செய்த நேரம் அது.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"பன்னெண்டுலேர்ந்து ஒண்ணா?" என்றார்.

"ஆமாண்ணே."

"ஏத்த இருபது நிமிஷம்." விரல்களை மடக்க ஆரம்பித்தார், நேற்று கீழே செய்தது போலவே. "பேட்டரி கனெக்‌ஷன் ஒரு மணி நேரம். அந்த டெக்னீஷியன் பையன் வேற கூட இருந்தான். லைன், சர்வர், போன் எல்லாம்... ராத்திரி எட்டரைக்கு முடிச்சிருப்பேன்." மடக்கிய விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "முடிச்சிருப்பேன்" என்று இன்னொரு தடவை சொன்னார். கணக்கு சரியாக வந்துவிட்டது.

தங்கச்சி என்று அதில் எங்கும் சொல்லவில்லை. அன்றைக்குப் பிறகு இன்று வரை சொல்லவில்லை.

திங்கட்கிழமை மேலாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டு இரண்டு நிமிடம் கடிந்துகொண்டார். "ஆனா ஏழு மணிக்கு போன் அடிச்சுது பாருங்க. நல்ல வேளை, அந்த உபரி நாளை வெச்சீங்க" என்று பாராட்டோடு முடித்தார். அதற்குப் பேசாமல் கன்னத்தில் ஒன்று வைத்திருக்கலாம்.

ஆனால் அது மறுநாள். அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் இருபத்திரண்டு போன்களின் வயர்கள் ஏற வேண்டியிருந்தது. ரேக்கின் பின்பக்கம் சுவரோடு ஒட்டிய இடம். அறை விளக்கின் வெளிச்சம் அங்கே எட்டவில்லை. கைபேசியை வாயில் கவ்விக்கொண்டுதான் அதுவரை வேலை செய்திருக்கிறார். மடக்கிய விரல்களைப் பிரித்துவிட்டு, அந்தக் கைபேசியின் டார்ச்சைப் போட்டு என்னிடம் நீட்டினார்.

"பிடிங்க."

அவர் பக்கத்தில் மண்டியிட்டுப் பிடித்தேன். அவர் எண்ணைப் படித்து, வயரை இழுத்து, சொருகினார். பதினைந்து. பதினாறு. என் கையில் இருந்த அவருடைய போன் ஒரு தடவை அதிர்ந்தது. திரையில் மகளின் முகமும் 'ஏறிட்டேன்பா' என்ற செய்தியும் வந்தன. நான் அதை அவர் பக்கம் திருப்பினேன். வெளிச்சம் விலகியதும் அவர் நிமிர்ந்து, படித்தார். படித்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது மணி ஒன்று பத்து.

"கை ஆடுது" என்றார். "நேராப் பிடிங்க மேடம்."